பந்தி பிந்திய கல்யாணமும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

கிருஷ்ணகிரியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று தலைமுறையும் சேர்ந்து வந்து எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பார்கள். கல்யாணம் முடிந்த பிறகு பாக்கி கொடுக்க வருபவர்கள்தான் உண்டு. சிலர் மட்டும் வாட்ஸ்அப்பில் போடுவதற்கு ஒரு நன்றி அட்டை கேட்பார்கள். அதில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "குறைகள் ஏதேனும் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்." எந்தக் கோளாறும் இல்லாமல் நடந்த கல்யாணத்துக்கும் இதுதான், சோறு தீர்ந்துபோன கல்யாணத்துக்கும் இதுதான். அரைமணி நேரம் படிக்கட்டில் நின்றவர் இதைப் படித்தால், தான் நின்றது இவர்கள் கண்ணில் படவே இல்லை என்றுதான் நினைப்பார்.

இந்த வைகாசியில் என் பெரியம்மா மகன், அண்ணன், தன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார். அந்த வரியை வைத்து ஒப்பேற்ற முடியாத கல்யாணமாக அது ஆகிவிட்டது. அப்புறம் நாங்கள் உட்கார்ந்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினோம். அது எப்படி உருவானது என்பதை அண்ணனிடம் கேட்டுக்கொண்டே இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் மண்டபத்தையும் விட்டுவிடச் சொன்னார், விட்டுவிட்டேன்.

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் முகூர்த்தம் விடியற்காலையில் வந்தால், முந்தைய நாள் மாலை வரவேற்புக்குத்தான் கூட்டம். காலையில் தாலி கட்டும்போது நெருங்கிய உறவு மட்டும் இருக்கும். அதுவும் வைகாசி என்றால் மாங்காய் சீசன். தோட்டத்தில் பறிப்பு, மண்டியில் எடை, ஜூஸ் கம்பெனி வாசலில் வண்டி வரிசை என்று பகல் முழுக்க ஓட்டம்தான். வேலை முடித்து, குளித்து, குடும்பத்தோடு கிளம்பினால் ஏழு, ஏழரைக்கு மண்டபத்தில் இருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வராமல் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். இது அண்ணனுக்கும் தெரியும், சமையல் மாஸ்டருக்கும் தெரியும். அதனால்தான் ஆறு ஐம்பதுக்கு முதல் பந்தியைப் போட்டுவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். இலை போட்டாயிற்று, தண்ணீர் பாட்டிலும் வைத்தாயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் சேலம் பக்கம். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து, அவர்கள் வந்த பஸ்ஸும் வேன்களும் மாட்டிக்கொண்டன. அந்தக் கணவாயைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இறங்குகிற பக்கம் விபத்து என்றால் ஏறுகிற பக்கமும் நகராது. "இதோ வந்துவிட்டோம்" என்று போன் மேல் போன். சம்பந்தி வீட்டார் உட்காராமல் முதல் பந்தி போட்டால் மரியாதையாக இருக்காது என்று அண்ணனும் அண்ணியும் நினைத்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே மணி எட்டு ஆகிவிட்டது.

அன்றைக்கு எனக்கு மொய் மேசையில் வேலை. மேசை படிக்கட்டுப் பக்கம் இருந்ததால் எல்லாம் கண் முன்னால்தான் நடந்தது. ஏழரை மணிக்கு மேல் மொய் எழுதிவிட்டு வந்தவர்கள் நேராகக் கீழே சாப்பாட்டுக்கு இறங்கினார்கள். கதவு சாத்தியிருந்தது. திரும்ப மேலே வந்தார்கள். மேலே முந்நூற்றைம்பது நாற்காலிதான். மண்டபத்துக்காரர் சொன்ன கணக்கு அதுதான், முன்வரிசை சோபாவையும் சேர்த்து. உட்கார இடம் இல்லை, கீழே போகவும் வழி இல்லை. படிக்கட்டிலேயே குழந்தைகளோடு நின்றார்கள். எட்டு மணிக்குக் கதவு திறந்தபோது உள்ளே போன கூட்டத்தில் முதலில் உட்கார்ந்தவர்கள் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார். நம்மவர்கள் அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்கள். சாப்பிடுகிறவருக்கும் விழுங்க முடியாது, நிற்கிறவருக்கும் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாது. மோர் சாதத்துக்கு வந்துவிட்டாரா என்று இலையை எட்டிப் பார்க்கிற அந்த நிலைமையை யாரும் யாருக்கும் ஏற்படுத்தக் கூடாது.

அண்ணனின் அத்தை அன்று ஏழு மணிக்கே சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டார். எப்படியும் இப்போது சாப்பிட்டுவிடுவோம் என்ற கணக்கு. ஒன்றே கால் மணி நேரம் ஆனதும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அவர் மருமகள் வெளியே டீக்கடையில் பிஸ்கட் வாங்கி வந்து கொடுத்தார். மொய் மேசைக்குப் பக்கத்தில் என் நாற்காலியிலேயே உட்கார வைத்தோம். இரண்டு பிஸ்கட், அரை டம்ளர் டீ. அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். வீட்டுக்கு மூத்த பெண் பிறந்தவர், சீர் தட்டு எடுக்க வேண்டியவர். காலையில் முகூர்த்தத்துக்கும் வரவில்லை.

கல்யாணம் முடிந்த அன்று இரவே அண்ணன் மகன் ஒரு கடிதம் தட்டச்சு செய்து எனக்கு அனுப்பினான். ஓசூரில் வேலை பார்க்கிற பையன், வேகமானவன். "சில தவிர்க்க முடியாத காரணங்களால் உணவு பரிமாறுவதில் சிறு தாமதம் ஏற்பட்டது. அதனால் ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்று இருந்தது. மின்வாரியம் மின்தடைக்குக் கொடுக்கிற அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அவனுக்கு வருத்தம். "பின்ன என்ன சித்தப்பா எழுதறது? உண்மையைச் சொன்னா சம்பந்தி வீட்டைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடுமே" என்றான்.

அவன் கேட்டதுதான் இந்தக் கடிதத்தின் முடிச்சு. தாமதத்துக்கு மாப்பிள்ளை வீட்டு வண்டி ஒரு காரணம்தான். அதை எழுதினால் புதுப்பெண் போய் வாழ வேண்டிய வீட்டைப் பந்தியில் வைத்துக் குற்றம் சொன்னதாகும். எழுதாவிட்டால் மழுப்பலாகும். அண்ணன் தன் பங்குக்கு ஒரு கடிதம் நோட்டுப் பேப்பரில் எழுதி வைத்திருந்தார். இரண்டு பக்கம். சமையல் மாஸ்டர் சொன்ன பேச்சைக் காப்பாற்றவில்லை, பரிமாற ஆள் குறைவாக அழைத்து வந்தார், மண்டபத்தில் கூடுதல் நாற்காலி கேட்டும் தரவில்லை என்றெல்லாம் இருந்தது. எல்லாம் ஓரளவு உண்மைதான். ஆனால் படித்து முடித்தால் அண்ணன் மேல்தான் இரக்கம் வருகிறதே தவிர, பசியோடு நின்றவரைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

எழுதுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று சொன்னேன். யாரை வைத்துத் தாமதம், எவ்வளவு பேருக்கு, எங்கே என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டால் அது பொத்தாம் பொதுவாகத்தான் வரும். சமையல் மாஸ்டரையும் வரச் சொன்னோம். அவர் கையில் இலைக் கணக்கு, என் கையில் மொய் நோட்டு.

சாப்பாட்டு அறையில் 180 பேர் உட்காரலாம். ஒரு பந்தி உட்கார்ந்து, பரிமாறி, சாப்பிட்டு, எழுந்து, மேசை துடைத்து, காகிதம் விரித்து, அடுத்த இலை போட எப்படியும் 40 நிமிஷம். நல்ல ஆட்கள் இருந்தால் 35. அதற்குக் கீழே கொண்டுவர முயன்றால் சாப்பிடுபவரை விரட்டுவதாகிவிடும். அன்று இரவு 760 இலை விழுந்திருக்கிறது. நான்கு பந்தி முழுதாக, ஐந்தாவது கொஞ்சம். எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்குத் தொடங்கியதால் ஐந்தாவது பந்தி பத்தே முக்காலுக்குத்தான் உட்கார்ந்தது. பேசியபடி ஆறு ஐம்பதுக்குத் தொடங்கியிருந்தால் ஒன்பதரைக்குள் நான்கு பந்தி முடிந்து 720 பேர் கை கழுவியிருப்பார்கள். நடந்ததில் அந்த நேரத்துக்கு இரண்டே பந்தி, 360 பேர்தான். அதிலும் நூற்றுப் பத்துப் பேர் சேலத்து விருந்தாளிகள்.

ஒன்பதரை என்ற அந்த நேரம் முக்கியம். எங்கள் ஊர்ப்பக்கம் போகிற கடைசி டவுன் பஸ் ஒன்பதே முக்காலைத் தாண்டினால் கிடையாது. பைக்கில் வந்தவன் பத்தரை வரைக்கும் இருப்பான். பஸ்ஸில் வந்த அம்மாவும் பாட்டியும் இருக்க முடியாது. ஆக, சாப்பிடாமல் போனவர்கள் யார் என்று பார்த்தால், கூட்டத்திலேயே வசதி குறைந்தவர்கள்தான்.

சமையல் மாஸ்டர் 700 இலைக்கு ஒப்புக்கொண்டவர். 760 போட்டிருக்கிறார். கடைசிப் பந்திக்குப் பாயசமும் ஒரு பொரியலும் இல்லாமல் போனது அதனால்தான். அவர் மேல் குற்றம் சொல்ல அதிகம் இல்லை. அடுத்த நாள் காலைக்கு 500 இலை சொல்லியிருந்தோம், முந்நூறுகூடச் சாப்பிடவில்லை. மாலையையும் காலையையும் பிரித்துச் சொன்ன கணக்குத்தான் தப்பு. எங்கள் பக்கத்தில் விடியற்கால முகூர்த்தத்துக்கு மாலையில் மூன்று பங்கு, காலையில் ஒரு பங்கு என்று வைத்தால்கூடப் பரவாயில்லை. அண்ணன் பாதிக்குப் பாதி பக்கத்தில் வைத்துவிட்டார்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மேலே நாற்காலி போதவில்லை, கீழே பந்தி பிந்தியது என்று இரண்டு குறையாகத்தான் எல்லோரும் பேசினார்கள். இரண்டும் ஒன்றுதான். சாப்பிட்டவர் கிளம்பிவிடுவார், அவர் நாற்காலி காலியாகும். சாப்பிடாதவர் எங்கே போவார்? ஏழு மணிக்கு வந்தவரும் ஏழே முக்காலுக்கு வந்தவரும் எட்டரைக்கு வந்தவரும் ஒரே நேரத்தில் மேலே இருந்தார்கள். பந்தி நேரத்துக்குப் போட்டிருந்தால் முந்நூற்றைம்பது நாற்காலி தாராளம். கூடுதல் நாற்காலி தராத மண்டபத்துக்காரர் மேல் அண்ணனுக்கு இருந்த கோபம் இந்த இடத்தில் கொஞ்சம் அடங்கியது.

கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. லாரி கவிழ்ந்தது யார் கையிலும் இல்லை. சம்பந்தி வண்டி மாட்டியதும் அவர் கையில் இல்லை. ஆனால் தயாராக இருந்த பந்தியைத் தொடங்காமல் நிறுத்தி வைத்தது அண்ணனின் முடிவு. நூற்றுப் பத்துப் பேருக்குச் சில வரிசைகளை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவர்களை உட்கார வைத்திருக்கலாம். சம்பந்தியே பிறகு போனில், "எங்களுக்காக ஏன் நிறுத்துனீங்க, வந்ததும் அடுத்த பந்தியில உட்கார்ந்திருப்போமே" என்றார். இதைக் கண்டுபிடித்த பிறகு பையன் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. சம்பந்தி வண்டியைப் பற்றி எழுத வேண்டியதே இல்லை. "நாங்கள் தாமதமாகத் தொடங்கினோம், அது எங்கள் முடிவு" என்று எழுதினால் போதும். அதில் பொய்யும் இல்லை, யார் தலையும் உருளவில்லை.

கடிதம் இப்படி முடிந்தது:

"அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் மகளின் திருமண வரவேற்புக்கு, மாங்காய் வேலை நேரத்திலும் குடும்பத்தோடு வந்து வாழ்த்தினீர்கள். அன்று இரவு உங்களை நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை.

ஏழு மணிக்கு முன்பே தொடங்க வேண்டிய பந்தியை எட்டு மணிக்கு மேல்தான் தொடங்கினோம். அப்படி நிறுத்தி வைத்தது எங்கள் முடிவு. சமைத்தவர்களோ, பரிமாறியவர்களோ, வேறு யாருமோ அதற்குக் காரணம் இல்லை. அதனால் பெரியவர்களும், கைக்குழந்தையோடு வந்தவர்களும் படிக்கட்டில் நிற்க வேண்டியதாயிற்று. மேலே உட்கார நாற்காலி இல்லை. சாப்பாட்டு அறையிலும் சாப்பிடுபவர் பின்னால் நின்று இடம் பிடிக்க வைத்துவிட்டோம். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாப் பதார்த்தமும் வந்து சேரவில்லை. நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய சிலரும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பலரும் சாப்பிடாமலே கிளம்பிப் போனீர்கள்.

எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்து பசியோடு போனது எங்களால் நடந்தது. எங்களை மன்னிக்க வேண்டும்.

சாப்பிடாமல் போனவர்கள் என்று எங்களுக்குத் தெரிந்த வீடுகளுக்கு நாங்கள் நேரில் வருகிறோம். எங்கள் கவனத்துக்கு வராமல் போனவர்கள் மனதில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வருகிறோம்.

இங்ஙனம்,
மணமகளின் பெற்றோர்."

கீழே அண்ணன், அண்ணி இருவர் பெயரும் ஊரும் இருந்தன. பெண், மாப்பிள்ளை பெயரைப் போடவில்லை. பையன் போடச் சொன்னான். அவர்கள் அழைத்த கல்யாணம் இல்லையே, பத்திரிகையில் யார் பெயரில் அழைப்பு போனதோ அவர்கள்தான் கேட்க வேண்டும். புதுசாக வாழப் போகிற பிள்ளைகளை முதல் வாரத்திலேயே கைகூப்பி நிற்க வைப்பதும் நன்றாக இல்லை.

சம்பந்தி பெயரையும் போடவில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன் அவருக்குப் போன் செய்து முழுவதும் படித்துக் காட்டினோம். இதை விட்டுவிடக் கூடாது. நாம் நல்ல எண்ணத்தில் எழுதினாலும், அவர் தன் பங்காளி மூலமாக முதலில் கேள்விப்பட்டால் அது வேறு கதையாகிவிடும். அவர் கேட்டுவிட்டு, "எங்க வண்டி லேட்டானதையும் போட்டுடுங்க சம்பந்தி, எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். பெரிய மனசு. அண்ணன், "வேண்டாங்க, பந்திய நிறுத்தினது நான்தான்" என்று சொல்லிவிட்டார்.

சில வரிகளை எடுத்ததற்கும் காரணம் உண்டு. "எல்லோருக்கும் ஒரு நாள் விருந்து வைக்கிறோம்" என்று அண்ணி சேர்க்கச் சொன்னார். ஆசை நியாயமானது. ஆனால் 700 பேருக்கு மறுபடி யார் சமைப்பது? மாங்காய்க் காசு கைக்கு வந்து, நல்ல நாள் பார்த்து, மண்டபம் பிடித்து என்று தள்ளிக்கொண்டே போகும். அது நடக்காவிட்டால் முதல் குறை மேல் இரண்டாவது குறை. செய்ய முடிந்ததை மட்டும் எழுதுவோம் என்று வீட்டுக்கு வருவதோடு நிறுத்தினோம்.

மொய்யைப் பற்றி ஒரு சொல்கூடக் கடிதத்தில் இல்லை. மொய்க்கு நன்றி சொல்லி அதே கையோடு சாப்பாட்டுக்கு மன்னிப்புக் கேட்டால், பணம் வாங்கினோம், சோறு போடவில்லை என்று ரசீது கொடுத்த மாதிரி இருக்கும். ஒரு பங்காளி இன்னும் ஒரு படி மேலே போய், சாப்பிடாமல் போனவர்களுக்கு மொய்யைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். அவர் வெளியூரிலேயே வளர்ந்தவர். மொய்யைத் திருப்பினால் உன் உறவு எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். நம் வீட்டில் எழுதியதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூட்டி எழுதுவதுதான் வழக்கம், நடுவில் கை நீட்டித் திருப்புவது கிடையாது.

ஆனால் மொய் நோட்டு வேறு விதத்தில் உதவியது. பத்திரிகை கொடுத்த பட்டியல் நம்மிடம் இருக்கும், அது அழைத்தவர்களின் பட்டியல். வந்தவர்களின் பட்டியல் மொய் நோட்டு ஒன்றுதான். ஊர் பெயர், அப்பா பெயர், ஆள் பெயர் என்று வரிசையாக 412 பேர். எழுதிய வரிசையே நேரத்தையும் காட்டிவிடும். ஏழு மணிக்கு மின்சாரம் போய் ஜெனரேட்டர் போட்டார்கள், அப்போது நான் டார்ச் வெளிச்சத்தில் எழுதிய பக்கம் கோணல் மாணலாக இருந்தது. அதற்குப் பின்னால் வந்த பக்கங்களை எடுத்துக்கொண்டோம். அதில் பஸ்ஸில் வருகிற ஊர்க்காரர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தோம். அண்ணி ஒவ்வொரு பெயராகக் கேட்டு, "இவங்க மூணாவது பந்தியில இருந்தாங்க, நான் பார்த்தேன்", "இவங்க தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெண்கள் யார் எந்தப் புடவையில் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்பதை எப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்களோ. தாம்பூலப் பையை எண்ணிப் பார்க்கலாமே என்று பையன் சொன்னான். அதில் பயனில்லை. சாப்பிட்டவர் ஒருவர் மூன்று பை வாங்கியிருப்பார், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்து.

அப்படிச் சலித்ததில் ஏறக்குறைய நாற்பது வீடு தேறியது. பத்து வீட்டுக்காரர்களைப் போனில் கேட்டதில் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார்கள். உண்மையாகவும் இருக்கலாம், நம்மைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றும் இருக்கலாம். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் யாரும் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள். அதனால் அண்ணி கேள்வியை மாற்றினார். "எந்தப் பந்தியில உட்கார்ந்தீங்க, பாயசம் வந்துச்சா?" என்று கேட்டார். அதற்குப் பதில் தடுமாறினால் அந்த வீட்டுக்கும் புள்ளி.

கடிதம் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் போனது. மறுவீடு முடியட்டும் என்று ஒரு பேச்சு இருந்தது. ஆனால் இந்த மாதிரிப் பேச்சு நாட்களில் வளரும். முதல் நாள் "பந்தி லேட்டாச்சு" என்பது, வாரம் கழித்து "அந்த வீட்டுக் கல்யாணத்துல சோறே இல்ல" என்று ஆகிவிடும். பொதுக் குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினோம். குழுவில் போட்டால் பத்துப் பேர் கைகூப்பிய படம் போடுவார்கள், உண்மையில் வருத்தப்பட்டவர் அதற்குக் கீழே ஒன்றும் எழுத முடியாமல் போய்விடும்.

படிக்காத பெரியவர்கள் நிறைய. அவர்களுக்கு அண்ணன் குரலிலேயே பதிவு செய்தோம். கடிதத்தைப் படிக்கச் சொன்னால் செய்தி வாசிக்கிற மாதிரி வந்தது. தாளை வாங்கி வைத்துவிட்டு, உங்கள் மாமாவிடம் பேசுகிற மாதிரி பேசுங்கள் என்றேன். "மாமா, அன்னிக்கு உங்கள நிக்க வெச்சுட்டேன் மாமா" என்று ஆரம்பித்து ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். அதைத்தான் அனுப்பினோம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிநேகிதர்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. அவர்களோடு அண்ணன் தெலுங்கிலேயே போனில் பேசினார்.

பதில்கள் வந்தன. பெரும்பாலும் "அதெல்லாம் விடுப்பா, கல்யாணம்னா அப்படித்தான்" என்ற வகை. ஒருவர் மட்டும் விவரமாக எழுதினார். தன் அம்மாவுக்கு மூட்டு வலி, படிக்கட்டில் உட்கார்ந்து எழ முடியாமல் இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது, அதை நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அம்மாவுக்கு மனம் ஆறியது என்று. அந்த அம்மாவின் பெயர் புள்ளி வைத்த பட்டியலில் இல்லை. அவர் சாப்பிட்டிருந்தார், மூன்றாம் பந்தியில். சாப்பிட்டவர்களுக்கும் மனக்குறை இருக்கும் என்று படிக்கட்டை எழுதியது நல்லதாகப் போயிற்று. பட்டியலில் அவர்கள் வீட்டையும் சேர்த்துக்கொண்டோம்.

வீடு வீடாகப் போனது அண்ணனும் அண்ணியும்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீப்புப் பழமும், வீட்டில் சுட்ட அதிரசமும், அண்ணன் தோட்டத்து மல்கோவா கொஞ்சமும். மல்கோவா இங்கே எல்லோர் தோட்டத்திலும் இருக்காது, பெங்களூரா காயைத்தான் எல்லோரும் அதிகம் வைத்திருப்பார்கள், அது ஜூஸ் கம்பெனிக்குப் போகிற சரக்கு. சாப்பாட்டு நேரம் பார்த்துப் போக வேண்டாம் என்று அண்ணி கவனமாக இருந்தார். மன்னிப்புக் கேட்கப் போய் அவர்களைச் சமைக்க வைப்பதாகிவிடும். காலை பத்து மணிக்கு மேல், தோட்டத்திலிருந்து திரும்புகிற நேரத்தில் போனார்கள். காபி கொடுத்தால் மறுக்காமல் குடித்தார்கள். போன இடத்தில் தாமதத்துக்கு விளக்கம் சொல்லவே கூடாது என்று அண்ணன் தனக்குத்தானே முடிவு செய்துகொண்டார். அவர்களாகவே, "தொப்பூர்ல மாட்டிக்கிட்டாங்களாமே" என்று கேட்டால், "ஆமாங்க, இருந்தாலும் நான் போட்டிருக்கணும்" என்பதோடு சரி.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முடியவில்லை. ஒரு வீட்டில் வீட்டுக்காரர் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். பையனுக்கு அதில் கோபம். அன்றைக்கு அவர் ஒன்றரை மணி நேரம் நின்றாரே என்று அண்ணன் சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டான்.

அத்தை வீட்டுக்கு முதலில் போனார்கள். கடிதத்தை அனுப்புவதற்கு முன்பே. அவருக்கு அது பத்தோடு பதினொன்றாக வரக் கூடாது. அத்தை தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், இந்த வருஷம் காய் விலை படுமோசம் என்று பேசினார். அண்ணன் காலில் விழப் போனபோது, "அதெல்லாம் எதுக்குப்பா" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். சீர் தட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. முகூர்த்தத்தில் அவர் எடுக்க வேண்டிய தட்டை யாரும் எடுக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறோம் என்று அண்ணி சொன்னதற்கும் பதில் இல்லை. அந்தத் தட்டில் வைத்திருந்த புடவையை அண்ணி அங்கேயே ஊஞ்சலில் வைத்துவிட்டு வந்தார். திரும்பி வரவில்லை, அதுவரைக்கும் நல்லது.

ஆவணியில் அத்தை பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகை என் கடையில்தான் அடித்தார்கள். அண்ணன் வீட்டுக்கு அது தபாலில் வந்திருக்கிறது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருந்து. நேரில் வந்து வைக்காத பத்திரிகைக்குப் போக வேண்டுமா என்று பையன் கேட்கிறான். போவதென்று அண்ணன் முடிவு செய்துவிட்டார், அண்ணியும் கூடவே. அத்தை கல்யாணத்துக்கு எழுதிய மொய் என்ன என்று நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லி நேற்று எனக்குப் போன் செய்தார்.